தன் பெயரில் ஒரு மன்னிப்பு

அச்சகத்தில் அவளை எல்லோரும் அலாரம் என்றுதான் கூப்பிட்டார்கள். இயந்திரம் ஓட்டுபவர் வைத்த பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள், கடைசியில் அவளே தொலைபேசியை எடுத்து, "அலாரம்தான் பேசறேன், சொல்லுங்க" என்று சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

காரணம் முதலாளி. அவருக்கு அச்சு வேலை கைவந்த கலை. தாளைத் தடவிப் பார்த்தே தடிமன் சொல்வார். ஆனால் ஒரு நேரத்துக்கு ஓர் இடத்தில் போய் நிற்பது என்றால் மட்டும் அவருக்கு எட்டிக்காய். அவருடைய நாட்காட்டியைத் தன் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, யாரை எப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று பதிவதும், அது அவருடைய போனில் மணியடிக்கும்படி செய்வதும், மணியடித்தும் அசையாதவரை நேரில் போய், "சார், கிளம்பணும்" என்று நாற்காலியிலிருந்து கிளப்புவதும் அவளுடைய வேலை. அவள் கிளப்பினால் கிளம்புவார். அவள் அசந்தால் மனுஷன் அசையமாட்டார்.

அசந்த நாட்களுக்கு மன்னிப்பு மெயில் இருந்தது. அதையும் அவள்தான் எழுதினாள், அவருடைய முகவரியிலிருந்து, அவருடைய பெயரில். ஆரம்ப காலத்தில் கற்பனை கரைபுரண்டு ஓடியது. முதலாளியின் கார் பஞ்சரானது. முதலாளிக்குக் காய்ச்சல் வந்தது. முதலாளியின் ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தார், தேறினார், அவளுடைய மறதியில் அதே வாடிக்கையாளருக்காக மறுபடியும் படுத்தார். அந்த வாடிக்கையாளர் பூங்கொத்து அனுப்பி வைத்ததிலிருந்து அவள் சித்தப்பாவை நிம்மதியாக இருக்க விட்டுவிட்டாள்.

போகப் போக அவளுக்கு ஒன்று புரிந்தது. காரணத்தை யாரும் படிப்பதில்லை. காத்திருந்து ஏமாந்தவர் தேடுவது ஒன்றைத்தான்: அடுத்து எப்போது, எங்கே, இந்தத் தடவையாவது வருவாரா. எனவே மெயில்கள் சுருங்கின. வராததற்கு வருந்துகிறேன், தவிர்க்க முடியாத காரணம், வியாழன் பதினொரு மணிக்கு உங்கள் அலுவலகத்துக்கு நானே வருகிறேன், மாதிரித் தாள்களும் கொண்டுவருகிறேன். அவ்வளவுதான். வியாழன் பதினொரு மணிக்கு அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியும் வைப்பாள். அப்படித்தான் அந்த அச்சகம் வாடிக்கையாளர்களை இழக்காமல் பிழைத்தது. முதலாளி வாக்குத் தவறாதவர், ஆனால் இரண்டாவது தடவையில்தான் என்று ஊரில் ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரும் அவருக்கே போனது.

இது அவளுக்கு உறுத்த ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. சம்பளத்தைப் பற்றியல்ல. அத்தனை வருடம் எழுதியதில் ஒரு வரி கூட அவள் பெயரில் இல்லை என்பதுதான். அவளுக்குப் பதவி என்று ஒன்றும் கிடையாது. விசிட்டிங் கார்டு அச்சடிக்கிற இடத்தில் வேலை பார்த்தும் அவளுக்கென்று ஒரு விசிட்டிங் கார்டு இல்லை.

அச்சகத்தின் பழைய வாடிக்கையாளரான ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பித்தாள். பெட்டிகள் எந்த நாள் எந்த வாடிக்கையாளருக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடும் வேலை. தனி மேஜை, தனிப் பதவி, தன் பெயரில் மெயில். மாதிரிக்கு ஒரு திட்டம் போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். தன்னுடைய நாட்காட்டியில் பதிந்தாள். கணினித் திரையில் முதலாளியின் நாட்காட்டி நீலம், அவளுடையது பச்சை. பச்சையில் அதிகம் இருக்காது. பல் டாக்டர் இருப்பார், மின்கட்டணம் இருக்கும்.

அந்த வாரம் அச்சுத் தொழில் கண்காட்சி. திங்கட்கிழமை அங்கே போடும் கடைக்கான சாமான்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது கம்பெனியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலை மேலாளர் வெளியூர் போவதுபோல் இருக்கிறது, புதன்கிழமை நாலு மணிக்கு வர முடியுமா என்றார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லி, அப்போதே கணினியில் தட்டினாள். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் நேர்முகம் என்று எழுதாமல், 'அட்டைப்பெட்டிக் கம்பெனி, அவர்கள் அலுவலகம்' என்று மட்டும் எழுதினாள். சாமர்த்தியம் என்றுதான் நினைத்தாள்.

பதிந்ததும் மறந்தாள். இதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. அதுதான் அவளுடைய தொழில். ஒரு நாளில் இத்தனை பேருடைய நேரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்தால் மண்டை வெடித்துவிடும். பதிந்ததைக் கணினி பார்த்துக்கொள்ளும், அவள் அடுத்ததைப் பார்ப்பாள். தலையில் பழைய வெள்ளிக்கிழமைதான் உட்கார்ந்திருந்தது. அதற்குப் போட வேண்டிய சட்டையைக்கூட இஸ்திரி போட்டு மாட்டியிருந்தாள்.

செவ்வாயும் புதனும் கண்காட்சிக் கடையில் நின்றாள். மேஜைப் பக்கமே போகவில்லை. புதன்கிழமை மாலை கால் கடுக்க பஸ்ஸில் உட்கார்ந்து போனை எடுத்துப் பார்த்தால், ஒரு மெயில். 'இன்று நாலு மணிக்கு உங்களை எதிர்பார்த்தோம். நலமா?'

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சை நாட்காட்டியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது. புதன்கிழமை காலி. கனவு கினவு கண்டோமா என்று போன் பதிவைப் பார்த்தாள். திங்கட்கிழமை அழைப்பு இருந்தது. அப்புறம்தான் சந்தேகம் வந்தது. நீலத்தைத் திறந்தாள். புதன், நாலு மணி, அட்டைப்பெட்டிக் கம்பெனி. எப்போதும் முதலாளிக்காகவே தட்டிப் பழகிய கை, அன்றைக்கும் அவருடைய நாட்காட்டியிலேயே தட்டியிருக்கிறது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் அடித்தும் இருக்கும், அவருடைய சட்டைப்பையில்.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் திறந்தாள். கணவன் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். அன்றைக்கு மாலை ஷிப்ட் இல்லாததால் துணி மடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, அவனுக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னான்.

"காய்ச்சல்னு போடு. யாரு வந்து தெர்மாமீட்டர் வைக்கப்போறாங்க?"

"காய்ச்சலெல்லாம் எங்க சாருக்கே தீந்துபோச்சு."

"அப்ப வயித்துவலி. அத யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க."

அவள் தட்ட ஆரம்பித்தாள். அடுத்தவருக்காக மூன்று வரியில் முடிப்பவள், தனக்கென்று வந்ததும் எழுதித் தள்ளினாள். கண்காட்சியில் தொடங்கி, திங்கட்கிழமை கட்டிய பெட்டிகளை விவரித்து, பத்து வருடங்களில் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை என்று சத்தியம் செய்து, நீலத்தையும் பச்சையையும் விளக்கி, நடுவில் இரண்டு இடத்தில் மிகவும் வருந்துகிறேன், ஓரிடத்தில் மிக மிக வருந்துகிறேன். கணவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இதப் படிச்சு முடிக்கவே அவங்க தனியா ஒரு மீட்டிங் வைக்கணும்."

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு அழுகை வருது."

"சரி, கிண்டல் பண்ணல. உங்க சாருக்கா இருந்தா என்ன எழுதுவ?"

அவள் எல்லாவற்றையும் அழித்தாள். முதல் வரி சுலபமாக வந்தது. 'இன்று நாலு மணிக்கு வராததற்கு மன்னிக்கவும். உங்களைக் காக்க வைத்தது என் தவறு.' இரண்டாவது வரியில்தான் சிக்கல். வழக்கமான தவிர்க்க முடியாத காரணம் கையோடு வந்து நின்றது. ஆனால் அது தவிர்த்திருக்கக்கூடிய காரணம். அதைச் சொன்னாலோ, கழுத்துக்குக் கத்தியைத் தானே எடுத்துக் கொடுத்த மாதிரி. நாளும் நேரமும் தவறாமல் பெட்டி அனுப்பும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அந்த வேலைக்கு வருகிறவள், நேரத்தைத் தப்பாகப் பதிந்துவிட்டேன் என்று எழுதினால் யார் எடுப்பார்கள்? சமையல்காரி அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்று சொல்வது போல இருந்தது.

வயிற்றுவலி என்று எழுதிப் பார்த்தாள். படித்துப் பார்த்தாள். சித்தப்பா ஞாபகம் வந்தது. பொய்யைக் கட்டிக்காக்க அப்புறம் எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அது முதலாளிக்காகச் செய்தது. தன் பெயரில் எழுதுகிற முதல் மெயிலிலேயே அதைச் செய்ய மனசு வரவில்லை. அழித்துவிட்டு எழுதினாள். 'நீங்கள் மாற்றிச் சொன்ன நேரத்தை வேறொரு நாட்காட்டியில் பதிந்துவிட்டேன்.' யாருடைய நாட்காட்டி என்று எழுதவில்லை. அது பெரிய கதை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மீதி அவளுக்கு மனப்பாடம். 'இன்னொரு வாய்ப்புத் தர முடிந்தால், வெள்ளிக்கிழமை மேலாளர் கிளம்புமுன், காலை எட்டரைக்கு உங்கள் அலுவலகத்தில் இருக்கிறேன். அது வசதிப்படாவிட்டால் திங்கள் மாலை ஐந்தரை. எது என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நாட்காட்டி அழைப்பை நானே அனுப்புகிறேன். கொண்டுவரச் சொன்ன மாதிரித் திட்டத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், நேரில் நேரம் மிச்சமாகும்.'

அனுப்பும் பொத்தான் மேல் விரல் போன பிறகுதான் கண்ணில் பட்டது. அனுப்புநர் இடத்தில் முதலாளியின் முகவரி. கீழே தானாக வந்து உட்கார்ந்திருந்தது அவருடைய பெயர், நிர்வாக இயக்குநர், கைபேசி எண். அலுவலக மடிக்கணினி அல்லவா, அதற்கும் அவளுடைய கைக்கும் ஒரே பழக்கம். அவள் முகவரியை மாற்றினாள். கையெழுத்தை அடியோடு அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்தாள். எழுத ஒன்றும் இல்லாததால் தன் கைபேசி எண்ணை எழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை அச்சகத்துக்குள் நுழைந்து பையை வைக்கும் முன்பே முதலாளி வந்து நின்றார். அவர் தானாக ஓர் இடத்துக்கு வந்து நிற்பது அபூர்வம்.

"ஏம்மா, நேத்து அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போக முடியல. நாலு மணிக்கு போன் கத்துச்சு. எதுக்குன்னு புரியல, நீயும் பக்கத்துல இல்ல. சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு அமுக்கிட்டேன். வழக்கமான மெயில் ஒண்ணு போட்டுடு."

அவள் வாழ்க்கையின் ஒரே நேர்முகத்துக்கும் அவர்தான் போகாமல் விட்டிருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பையை மெதுவாக நாற்காலியில் வைத்தாள்.

"போட்டாச்சு சார். நேத்தே."

"அதானே. என்ன காரணம் போட்ட?"

"உண்மையத்தான் போட்டேன்."

"அதெதுக்கு?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல். "சரி, அடுத்து எப்ப?"

"நாளைக்குக் காலைல எட்டரை. அவங்க இன்னும் சரின்னு சொல்லல."

"எட்டரையா? நான் வரணுமா?"

"வேணாம் சார். நான் மட்டும் போறேன்."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பெரிய பாரம் இறங்கியவராக இயந்திரப் பக்கம் நடந்தார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் பொய் சொல்லாமலே பதில் சொல்லியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் திருப்தியும் இருந்தது, திருப்தி சற்றுத் தூக்கலாக.

மதியத்துக்குள் பதில் வந்தது. 'வெள்ளி எட்டரை.' அவ்வளவுதான். உடனே அழைப்பு அனுப்பினாள். பச்சையிலிருந்து போகிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அனுப்பினாள்.

தொழிற்சாலை மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. மேஜையில் அவள் அனுப்பிய திட்டம் இருந்தது, ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு. அதைப் பற்றிப் பேசி முடித்த பிறகு அவர் கேட்டார்.

"எந்த நாட்காட்டியில போட்டீங்க?"

"எங்க சாரோடதுல, மேடம்."

மேலாளர் தலையாட்டினார். "உங்க சார்கிட்டருந்து எங்களுக்கு நிறைய மன்னிப்பு மெயில் வந்திருக்கு. நீங்க எழுதினதுதானே எல்லாம்?"

"ஆமா மேடம்."

"நினைச்சேன். எல்லாத்துலயும் அடுத்த தேதி கரெக்டா இருக்கும், காரணம் மட்டும் ஒரே காரணமா இருக்கும். இதுலதான் தப்பு யாரோடதுன்னு எழுதியிருந்தீங்க." கண்ணாடி தலையில் இருப்பதைக் கண்டுபிடித்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "இங்க தப்பு நடக்கும். லாரி வராது, அட்டை நமத்துப்போகும். அத நாலு நாள் கழிச்சு நான் வேற யார் வாயாலயோ கேள்விப்படக்கூடாது. சரி, இது மறுபடி நடக்காம இருக்க என்ன பண்ணுவீங்க?"

"போன்ல சொன்னத நானா பதிஞ்சுக்கமாட்டேன். அப்பவே அவங்களுக்கு அழைப்பு அனுப்பிடுவேன். அவங்க நாட்காட்டியிலயும் ஏறிடும், அவங்க சரின்னு சொன்னது எனக்கும் வந்துடும். நான் தப்பாப் போட்டா அவங்க கண்ணுல பட்டுடும். இன்னைக்கு வந்ததுகூட அப்படித்தான்."

"பாத்தேன்" என்றார் மேலாளர்.

அடுத்த வாரம் வேலைக்கான கடிதம் வந்தது. பதவி போட்டு, அதற்கு மேல் அவள் பெயர் போட்டு வந்தது. கணவன் அதை ஒரு தடவை உரக்கப் படித்தான், அவள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி முதலாளியிடம் சொல்ல வேண்டும். வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற விஷயமல்ல. பத்து வருடத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. முறையாக அவருடைய நாட்காட்டியில், தன் பெயரைப் போட்டு, செவ்வாய் மாலை நாலு மணி, கண்ணாடி அறை, கால் மணி நேரம் என்று பதிந்தாள். அன்றைக்கு மட்டும் அவரைப் போய்க் கிளப்புவதில்லை என்று தீர்மானித்தாள். சோதனைக்காக அல்ல. தன்னைப் பார்க்க வரும்படி தானே அவரைத் தள்ளிக்கொண்டு வருவது அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

நாலு மணிக்குக் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தாள். இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி வெளியே மை டப்பாக்களுக்கு நடுவில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், பார்த்தார், அமுக்கினார், திரும்பப் போட்டுக்கொண்டார். இத்தனை வருடமும் அந்தப் பக்கம் காத்திருந்தவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோபம் வரும் என்று நினைத்தாள். வருத்தம்தான் வந்தது.

ஐந்து மணிக்கு அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. முதலாளியிடமிருந்து. 'இன்னைக்கு ஏதோ மீட்டிங் விட்டுட்டேன் போல. யாருன்னு பாத்து வழக்கமான மெயில் போட்டுடும்மா.'

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். முதலாளியின் முகவரியைத் திறந்தாள். பெறுநர் இடத்தில் தன் முகவரியை அடித்தாள். இந்தத் தடவை எந்த வரியிலும் தயங்கவில்லை.

'இன்று நாலு மணிக்கு உங்களைச் சந்திக்க வராததற்கு மன்னிக்கவும். உங்களைக் காக்க வைத்தது என் தவறு. யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் பார்க்கவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் மேஜைக்கு நானே வருகிறேன். கால் மணி நேரமும் உங்களுக்குத்தான்.'

கீழே அவருடைய பெயர் தானாக வந்து உட்கார்ந்தது. அனுப்பினாள். தன்னுடைய பெட்டியில் வந்து விழுந்ததைத் திறந்து, வரி வரியாகப் படித்தாள். நல்ல மெயில்தான். கண் கொஞ்சம் கலங்கியது. 'சரி' என்று பதில் போட்டுவிட்டு, பத்து மணி, தன் மேஜை என்று மட்டும் நீலத்தில் பதிந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவரைக் கிளப்ப அவள் போகவில்லை. அவரே வந்தார், போனைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு.

"யாரையோ பாக்கணும்னு இருக்கு. உன் மேஜைன்னு போட்டிருக்கு. யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல சார். என்னைத்தான் பாக்கணும். நேத்து மெயில் எனக்குத்தான் போச்சு. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. போனில் அந்த மெயிலைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார் என்று அவள் நினைத்தாள், ஏனென்றால் வெகுநேரம் ஆயிற்று. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"இது நான் எழுதினதா?"

"உங்க பேர்லதான் இருக்கு சார்."

"நேத்து எவ்வளவு நேரம் காத்திருந்த?"

"அஞ்சு மணி வரைக்கும்."

அவர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "சரி, சொல்லும்மா" என்றார். அவள் சொன்னாள். கால் மணி நேரம் முடிந்து அவருடைய போனில் அடுத்த கூட்டத்துக்கான மணி அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. அவளும் அவரைக் கிளப்பவில்லை.